தொண்டை ஆறிய பிறகு வருவது

குழந்தைக்குத் தொண்டை வலி என்று அழைத்து வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, மூக்கு ஒழுகுகிறதா, இருமல் இருக்கிறதா என்பதைத்தான். இரண்டும் இருந்தால் பெரும்பாலும் அது வைரஸ் வேலை; அதற்கு எந்தச் சோதனையும் வேண்டாம், ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். தொண்டை வலியோடு வரும் நூறு குழந்தைகளை எடுத்துக்கொண்டால் இருபது முப்பது பேருக்குத்தான் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா காரணமாக இருக்கும். மருத்துவர்கள் சுருக்கமாக 'ஸ்ட்ரெப்' என்போம். இந்த ஸ்ட்ரெப் தொண்டை வலியும் மருந்தே கொடுக்காவிட்டாலும் மூன்று முதல் ஐந்து நாளில் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். உப்பு நீரில் கொப்பளித்தாலும் தணியும், மிளகுப் பால் குடித்தாலும் தணியும், ஒன்றும் செய்யாவிட்டாலும் தணியும். கை வைத்தியத்துக்குக் கிடைக்கும் நல்ல பெயரில் பாதி இப்படி வந்ததுதான். வலி குறைவதற்கு அவை உதவட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தானே ஆறிவிடும் ஒரு வலிக்கு ஏன் தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டுச் சோதிக்க வேண்டும், ஏன் பத்து நாள் மருந்து கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டால், அது நியாயமான கேள்வி. அதற்கான பதில் தொண்டையில் இல்லை. நாம் தடுக்கப் பார்ப்பது, தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, எல்லாரும் அந்த வலியையே மறந்த பிறகு, இதயத்தில் தொடங்கும் ஒரு நோயை.

அந்த நோய்க்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். கிருமி இதயத்துக்குப் போய் வால்வைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி நடப்பதில்லை. ஸ்ட்ரெப் கிருமியின் மேற்பரப்பில் எம் புரதம் என்று ஒன்று இருக்கிறது. அதன் உறையில் ஒருவகைச் சர்க்கரைப் பொருளும் இருக்கிறது. இவற்றின் அமைப்பு நம் இதயத் தசையிலும் வால்விலும் உள்ள சில புரதங்களை ஒத்திருக்கிறது. கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள்களும் வெள்ளணுக்களும், எளிதில் பாதிக்கப்படும் சில குழந்தைகளில், ஆள் மாறி இதயத்தைத் தாக்குகின்றன. அதிகம் அடிபடுவது இதயத்தின் இடப்பக்கம் உள்ள மிட்ரல் வால்வு; அடுத்தது அயோர்ட்டிக் வால்வு. முதலில் வால்வின் இதழ்கள் வீங்கி, சரியாக மூடாமல், ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. அந்த நேரத்தில் தகுந்த கவனிப்பு கிடைத்து, மறுபடி ஸ்ட்ரெப் தொற்றாமல் பார்த்துக்கொண்டால், பல குழந்தைகளுக்குக் கசிவு குறையும். மறுபடி மறுபடி தொற்றினால் ஒவ்வொரு முறையும் வால்வில் தழும்பு ஏறும். இதழ்களின் ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். வால்வு தடித்துக் குறுகும். மேலை நாட்டுப் பாடநூல்கள் இந்தக் குறுக்கம் உண்டாகப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, டெல்லி எய்ம்ஸின் சுஜாய் ராயும் அவருடைய சகாக்களும் 1963-இல் 'லான்செட்' இதழில் வேறொன்றைப் பதிவு செய்தார்கள்: இந்தியாவில் இருபது வயதுக்குள்ளேயே கடுமையான மிட்ரல் குறுக்கத்தோடு பிள்ளைகள் வருகிறார்கள். முதல் பிரசவத்தின்போது மூச்சுத் திணறி, அப்போதுதான் வால்வு கெட்டிருப்பது தெரியவரும் பெண்கள் நம் மருத்துவமனைகளுக்கு இன்றும் புதியவர்கள் அல்லர். அவர்களில் பலருக்குச் சிறு வயதில் தொண்டை வலி வந்த நினைவுகூட இருக்காது.

தொண்டையில் இருக்கும் கிருமியை அழித்தால் இதெல்லாம் நடக்காது என்பதற்கு என்ன சான்று? அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள வாரன் விமானப்படைத் தளத்தில் இளம் படைவீரர்களிடையே ஸ்ட்ரெப் தொற்று பெருவாரியாகப் பரவியபோது, டென்னி, வானமேக்கர், ராமல்காம்ப் ஆகியோர் அங்கே ஓர் ஆய்வு நடத்தி 1950-இல் வெளியிட்டார்கள். பெனிசிலின் பெற்ற 798 பேரில் இரண்டு பேருக்கு உறுதியான ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. பெறாத 804 பேரில் பதினேழு பேருக்கு வந்தது. இன்று இப்படி ஒரு ஆய்வு நடத்த எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. எழுபது ஆண்டுகள் கடந்தும் நாம் அந்த எண்களையே சுட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் குழந்தைகள் அல்லர், வீரர்கள். சாதாரணக் காலமும் அல்ல, கொள்ளைநோய்க் காலம். சாதாரணக் காலத்தில் மருந்து எடுக்காத ஸ்ட்ரெப் தொற்றில் ருமாட்டிக் காய்ச்சல் வருவது இதைவிட மிகக் குறைவு. இந்த வரம்புகளை ஒத்துக்கொண்டாலும் சிகிச்சையால் வந்த வித்தியாசம் பெரியது. அதே தளத்தில் செய்த தொடர் ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாள் வரை தாமதித்துப் பெனிசிலின் தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடிகிறது.

என் வாதம் முழுவதும் அந்த ஒன்பது நாளில்தான் நிற்கிறது. காய்ச்சல் அடித்த அன்றே ஆன்டிபயாட்டிக் கொடுத்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லை என்றால், சோதித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க நமக்கு நேரம் இருக்கிறது. தொண்டை ஸ்வாப் கல்ச்சர் முடிவுக்கு இரண்டு நாள் ஆகும். ஒன்பதில் இரண்டு போனால் ஒன்றும் கெட்டுப்போகாது. நடைமுறையில் நாம் செய்வதோ இதற்கு நேர் எதிர். முதல் நாளே மருந்துக் கடையில் மூன்று மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். வேண்டாத குழந்தைக்கு மருந்து போகிறது. வேண்டிய குழந்தைக்கு அரைகுறையாகப் போகிறது.

யாருக்கு ஸ்வாப் எடுக்கலாம்? வயது ஐந்திலிருந்து பதினைந்துக்குள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஸ்ட்ரெப் தொண்டை வலி அரிது, ருமாட்டிக் காய்ச்சல் அதைவிட அரிது. வலி திடீரென்று ஆரம்பித்திருக்கும். காய்ச்சல் 101-ஐத் தாண்டியிருக்கும். எச்சில் விழுங்கவே குழந்தை முகம் சுளிக்கும். டான்சில்கள் சிவந்து வீங்கி வெண்திட்டுகள் படிந்திருக்கும். கழுத்தின் முன்பக்கம் தாடைக்குக் கீழே நெறி கட்டி, தொட்டால் வலிக்கும். தலைவலி, வயிற்று வலி, ஒரு வாந்தி என்று வருவதும் உண்டு. இருமல் இருக்காது. மாறாக மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவப்பு, வாய்ப்புண் இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் ஸ்வாப் எடுக்காமல் இருப்பதே நல்லது. பணத்தை மிச்சப்படுத்த மட்டும் இதைச் சொல்லவில்லை. பள்ளிக்குப் போகும் ஆரோக்கியமான குழந்தைகளிலேயே பத்தில் ஒருவர் தொண்டையில் இந்தக் கிருமி எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்குச் சாதாரணச் சளி பிடித்திருக்கும்போது ஸ்வாப் எடுத்தால் பாசிட்டிவ் என்று வரும். சளிக்கும் அந்தக் கிருமிக்கும் சம்பந்தமே இருக்காது. சோதனைக்கு முன்னால் குழந்தையைப் பார்த்துச் சலித்தெடுக்காவிட்டால் சோதனையே நம்மை ஏமாற்றும். அதே சமயம், பார்வை மட்டும் போதும் என்று நினைக்கும் அனுபவசாலிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே சொன்ன அறிகுறிகள் அத்தனையும் பொருந்திய குழந்தைகளிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் கல்ச்சரில் ஸ்ட்ரெப் வளர்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவர் காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட அதிகம் செய்துவிடவில்லை.

ஸ்வாப் எடுப்பது ஒரு நிமிட வேலை; ஆனால் கெடுப்பது எளிது. கொரோனாவுக்குப் பிறகு ஸ்வாப் என்றாலே மூக்கு என்று ஆகிவிட்டது. இதற்கு மூக்கு உதவாது. குழந்தையை அம்மா மடியில் உட்கார வைத்து, நெற்றியை ஒரு கையால் அணைத்துப் பிடிக்கச் சொல்லி, நாக்கை அழுத்தி, இரண்டு டான்சில்களையும் தொண்டையின் பின்சுவரையும் பஞ்சுக் குச்சியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். குழந்தை குமட்டும், குமட்டவில்லை என்றால் குச்சி அநேகமாக நாக்கோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். நாக்கையும் கன்னத்தையும் தொட்டு எடுத்த மாதிரியில் வாயில் சாதாரணமாக இருக்கும் கிருமிகள்தான் வளரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, முதல் வேளை ஆன்டிபயாட்டிக் உள்ளே போவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிடுவது. ஓரிரண்டு வேளை மருந்துகூடக் கல்ச்சரில் கிருமி வளராமல் செய்துவிடலாம். 'நெகட்டிவ்' என்ற அந்தத் தாள் பிறகு எல்லாரையும் தவறான வழியில் அழைத்துப் போகும். பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் விரைவுச் சோதனையும் உண்டு. அது பாசிட்டிவ் என்றால் நம்பலாம். நெகட்டிவ் என்றால் முழுதாக நம்ப முடியாது. உண்மையில் ஸ்ட்ரெப் உள்ள நூறு குழந்தைகளில் பதினைந்து பேர் வரை அதில் தப்பிவிடுகிறார்கள். ஆகவே குழந்தைகளுக்கு விரைவுச் சோதனை நெகட்டிவ் என்றால் கல்ச்சரும் அனுப்ப வேண்டும்.

ஸ்வாப்புக்குப் பதிலாக ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் வேரூன்றிவிட்டது. அது கிருமியைக் காட்டும் சோதனை அல்ல. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை அளக்கும் சோதனை. தொற்று வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் அது ஏறத் தொடங்கும். மூன்று முதல் ஐந்து வாரத்தில் உச்சம் தொடும். பிறகு மாதக்கணக்கில் உயர்ந்தே நிற்கலாம். இன்று தொண்டை வலிக்கிற குழந்தைக்கு இன்று எடுத்த ஏ.எஸ்.ஓ., போன மாதத்துக் கதையைத்தான் சொல்லும். ஆய்வகத் தாளில் '200-க்குள் இருக்க வேண்டும்' என்று அச்சடித்திருக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஒரு நோயும் இல்லாதவர்களுக்கே அதைத் தாண்டி இருப்பது சகஜம். கால் வலிக்கிறது என்ற குழந்தைக்கு இந்த எண்ணை மட்டும் பார்த்து 'ருமாட்டிக்' என்று முத்திரை குத்தி, ஆண்டுக்கணக்கில் ஊசி போடுவதும் நடக்கிறது. ருமாட்டிக் காய்ச்சல் என்று சந்தேகிக்கும்போது, சமீபத்தில் ஸ்ட்ரெப் வந்துபோனதா என்பதற்குச் சாட்சியாக ஏ.எஸ்.ஓ. உதவும், தொண்டை வலி என்ன வகை என்று கண்டுபிடிக்க அதனால் ஆகாது.

ஒரு குழந்தையை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏழு வயது, எடை 20 கிலோ. ஞாயிறு மாலை தொண்டை வலி, 102 டிகிரி காய்ச்சல், ஒரு வாந்தி. திங்கள் காலை பார்த்தால் டான்சிலில் வெண்திட்டு, கழுத்தில் நெறி, இருமல் இல்லை. விரைவுச் சோதனை நெகட்டிவ், கல்ச்சர் போகிறது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். புதன் காலை காய்ச்சல் விட்டுவிடுகிறது, குழந்தை இட்லி கேட்கிறது. புதன் மாலை முடிவு வருகிறது: குரூப் ஏ ஸ்ட்ரெப். நான்காம் நாள் இது. இன்னும் ஐந்து நாள் கையில் இருக்கிறது. அமாக்சிசிலின் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம்; 20 கிலோவுக்கு 1000; காலை 500, இரவு 500, பத்து நாள். ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் வேளைக்குப் பத்து மில்லி, நாளைக்கு இருபது. 60 மில்லி பாட்டில் மூன்றே நாளில் தீர்ந்துவிடும்! பாட்டில் தீர்ந்தால் 'கோர்ஸ்' முடிந்தது என்று வீட்டில் நினைப்பார்கள். குழந்தையோ புதன்கிழமையே ஓடி விளையாட ஆரம்பித்துவிட்டது. பத்து நாளுக்கு 200 மில்லி, அதாவது நான்கு பாட்டில் வேண்டும் என்று சீட்டிலேயே எழுத வேண்டும். நான்கையும் ஒரேயடியாகத் தண்ணீர் கலந்து வைக்கவும் கூடாது. கலந்த சிரப் ஏறக்குறைய ஒரு வாரம்தான் தாங்கும். பத்து நாள் ஏன் என்றால், வலி போவதற்கு இரண்டு நாள் போதும், தொண்டையிலிருந்து கிருமியை முழுதாக ஒழிப்பதற்குத்தான் மீதி நாட்கள். இவ்வளவு நாள் ஒழுங்காகக் கொடுக்க முடியாத வீடு என்றால் பென்சத்தின் பெனிசிலின் ஒரே ஒரு ஊசி, 27 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு ஆறு லட்சம் யூனிட், அதற்கு மேல் பன்னிரண்டு லட்சம். ஊசி வலிக்கும். அலர்ஜி பயத்தால் பல இடங்களில் போடவும் மறுக்கிறார்கள். கடுமையான அலர்ஜி மிக அரிது. ஆனால் அதைச் சமாளிக்கும் வசதி உள்ள இடத்தில்தான் போட வேண்டும். அளவை எடை பார்த்து மருத்துவர் எழுதட்டும். கணக்கைப் பெற்றோரும் தெரிந்துகொண்டால் பாட்டில் பாதியில் நிற்காது.

இவ்வளவு பாடு எதற்கு, சந்தேகம் வந்த எல்லாக் குழந்தைக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாமே என்று மருத்துவர்களே கேட்பதுண்டு. கேள்விக்குப் பின்னால் ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. கோஸ்டா ரிகா 1970-களில் ஸ்வாப் கட்டாயம் என்ற நிலையைக் கைவிட்டு, அறிகுறி பார்த்து ஒரே பென்சத்தின் ஊசி என்று மாற்றியது. அதன் பிறகு அங்கே ருமாட்டிக் காய்ச்சல் பெரிதும் குறைந்தது. கல்ச்சர் வசதி ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரில் நானும் அதையே செய்யச் சொல்வேன். வீட்டில் ஏற்கெனவே ருமாட்டிக் நோயாளி இருந்தாலும் ஸ்வாப் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிட்டு, முடிவு நெகட்டிவ் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கோஸ்டா ரிகா கொடுத்தது பெனிசிலின். நாம் எல்லாருக்கும் கொடுப்பது பெரும்பாலும் மூன்று நாள் அசித்ரோமைசின். பெனிசிலினை எதிர்த்து நிற்கும் குரூப் ஏ ஸ்ட்ரெப்பை நோயாளிகளிடம் இதுவரை யாரும் கண்டதில்லை. அசித்ரோமைசின் வகை மருந்துகளை எதிர்ப்பவை ஏராளம். பெனிசிலின் அலர்ஜி உள்ளவர்களுக்கென்று வைத்திருக்க வேண்டிய மருந்தை, எளிதாக இருக்கிறது என்பதற்காகச் சளிக்கும் தொண்டைக்கும் வாரி இறைக்கிறோம். சோதிக்காமல் கொடுப்பதற்குக் கோஸ்டா ரிகாவைத் துணைக்கு அழைப்பவர்கள், அங்கே கொடுத்த மருந்தையும் சேர்த்து அழைக்க வேண்டும்.

நேர் எதிர்த் திசையிலிருந்தும் ஓர் ஆட்சேபணை வரும். பிரிட்டனில் தொண்டை வலிக்குப் பெரும்பாலும் சோதனையும் இல்லை, ஆன்டிபயாட்டிக்கும் இல்லையே என்பார்கள், அங்கே பிள்ளை வளர்த்துவிட்டு வந்தவர்கள். உண்மைதான். அங்கே ருமாட்டிக் காய்ச்சல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மறையாத இடத்துக்கு அந்த விதி பொருந்தாது. ஒரே நாட்டுக்குள்ளும் இது மாறும். நியூசிலாந்தில் பணக்கார நாட்டுக்குரிய வசதிகள் எல்லாம் இருந்தும், நெரிசலான வீடுகளில் வாழும் மாவோரி, பசிபிக் தீவுக் குழந்தைகளிடம் ருமாட்டிக் காய்ச்சல் நீடிக்கிறது. ஆகவே 2011 முதல் அந்தப் பகுதிப் பள்ளிகளிலேயே தொண்டை ஸ்வாப் எடுத்து மருந்து கொடுக்கும் திட்டம் வைத்தார்கள். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் வீடுகள் நிறைய உள்ள நம் நாட்டில் எந்த நாட்டு விதியைப் பார்ப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

எனக்கே பதில் சொல்லக் கடினமான ஆட்சேபணை ஒன்றுதான். ருமாட்டிக் காய்ச்சலோடு வரும் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கேனும் முன்னால் தொண்டை வலி வந்த நினைவே இருக்காது. வலியே தெரியாதவருக்கு ஸ்வாப் எடுப்பது எப்படி? முடியாது. ஸ்வாப்பால் தடுக்க முடிகிற பங்கைத்தான் தடுக்க முடியும். மீதிக்கு, நோய் தொடங்கும்போதே அடையாளம் காண வேண்டும். ஒரு முழங்கால் வீங்கி இரண்டு நாளில் சரியாகி அடுத்து கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறுவது. காய்ச்சலோடு மாடியேற மூச்சு வாங்குவது. கையெழுத்து திடீரென்று கோணிப்போய், தட்டையும் பேனாவையும் குழந்தை கீழே போடுவது. கடைசியாகச் சொன்னது தொற்று வந்து பல மாதம் கழித்தும் வரும்; பள்ளியில் குறும்பு என்று அடி வாங்கித் தருவதும் அதுதான். மூட்டு வலிக்கு உடனே இபுப்ரூஃபன் கொடுத்துவிட்டால் வலி இடம் மாறுவது நின்றுவிடும், நோயைக் கண்டுபிடிக்கும் வழியும் அடைபடும். மருத்துவர் பார்க்கும்வரை பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இந்த நிலையில் எக்கோ எடுத்தே ஆக வேண்டும், ஸ்டெதஸ்கோப்புக்குக் கேட்காத கசிவும் அதில் தெரியும். நோய் உறுதியானால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தின் ஊசி, வால்வு கெட்டிருந்தால் பத்தாண்டுகளுக்கும் மேல். எக்கோவில் மட்டும் தெரியும் ஆரம்பநிலைப் பாதிப்பு உள்ள குழந்தைகளை வைத்து உகாண்டாவில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டில் நோய் முற்றியவர்கள் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, போடாதவர்களில் எட்டுப் பேர். அந்த ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இடையில் தொண்டை வலி வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அவருக்கும் ஸ்வாப் எடுக்க வேண்டும், பாசிட்டிவ் என்றால் அதற்குத் தனியாக முழுச் சிகிச்சை கொடுக்க வேண்டும். அதே நேரத்தில் வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ தொண்டை வலித்தால் அவர்களுக்கும் எடுத்துவிடுவது நல்லது.